ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், தீராத அசதி: எப்போது, எந்த ரத்தப் பரிசோதனை?

வணக்கம். தாலுகா மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் நெடுநாள் ரத்தம் எடுத்து, பரிசோதித்து, முடிவு எழுதிக் கொடுத்தவன் நான். மருத்துவர் அல்லன். மருந்தைப் பற்றிக் கேட்டால் உங்கள் மருத்துவரிடமே அனுப்புவேன். எந்தப் பரிசோதனையை எப்போது செய்வது, எந்த எண் ஏமாற்றும் என்பதைச் சொல்ல முடியும். கீழே வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: வயது 44. ஒன்றரை மாதமாகத் தாகம் அடங்கவில்லை. இரவில் நான்கு முறை சிறுநீருக்கு எழுகிறேன். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது. கேபின் சூடு என்று நினைத்து ஜூஸ், சோடா என்று குடிக்கிறேன். தண்ணீரைக் குறைத்தால் இரவில் தூங்கலாமா?

தண்ணீரைக் குறைக்காதீர்கள். அதிகம் குடிப்பதால் சிறுநீர் அதிகம் போகிறது என்று நினைக்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் அது தலைகீழாக இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்டு வைத்துக்கொள்ள முடியாது. மிஞ்சும் சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. உடம்பு வற்றுகிறது, அதனால்தான் தாகம். குடிப்பதை நிறுத்தினாலும் சர்க்கரை தண்ணீரை இழுப்பது நிற்காது, உடம்புதான் மேலும் வற்றும்.

வெயிலால் வரும் தாகத்தைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. வெயிலில் தண்ணீர் வியர்வையாகப் போய்விடும், ஆகவே சிறுநீர் குறைவாகவும் அடர்ந்த மஞ்சளாகவும் இருக்கும். தாகமும் இருந்து, சிறுநீரும் வெளிறிய நிறத்தில் நிறையப் போனால் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் அளவு குறித்த லிட்டர் பாட்டிலை வைத்து ஒரு முழு நாள் சிறுநீரை அளந்து பாருங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை போகும். மூன்றைத் தாண்டினால் அது நிச்சயமாக அதிகம்.

ஆனால் அளந்து முடிக்கும்வரை பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். வழியில் தென்படும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே பாருங்கள். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இத்தனை அறிகுறிகளோடு வருபவருக்கு எந்த நேரத்தில் எடுத்த ரத்தத்திலும் 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதுவே சர்க்கரை நோயை உறுதிசெய்யும். ஜூஸையும் சோடாவையும் இப்போதே நிறுத்துங்கள். தாகத்துக்காக நீங்கள் குடிக்கும் அந்தச் சர்க்கரைதான் அடுத்த தாகத்தை உண்டாக்குகிறது.

ஈரோடு, ஒரு தாய்: என் மகனுக்கு 9 வயது. படுக்கையில் சிறுநீர் கழிப்பதை என்றோ நிறுத்தியவன், மூன்று வாரமாக மீண்டும் நனைக்கிறான். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இன்று காலையிலிருந்து வாந்தி, வயிற்றுவலி. நாளை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரவு எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும்?

அம்மா, நாளை வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்தவுடன் குழந்தையை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். வெறும் வயிறு தேவையே இல்லை. விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் போதும், சர்க்கரை ஏறியிருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "மூன்று வாரமாகப் படுக்கையை நனைக்கிறான், இளைத்துவிட்டான், இன்று வாந்தி" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். வாந்தியையும் வயிற்றுவலியையும் மட்டும் சொன்னால் செரிமானக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் சர்க்கரை நோய் வகையில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோகிறது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேர்கிறது. வாந்தி அதன் அடையாளமாக இருக்கலாம். மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கினாலோ, வாயில் பழ வாசனை அடித்தாலோ, குழந்தை மயங்கிச் சோர்ந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. சர்க்கரை இயல்பாக இருந்துவிட்டால் நல்லதே, வேறு காரணத்தை அங்கேயே பார்ப்பார்கள்.

கும்பகோணம், ஓய்வுபெற்றவர்: வயது 71. சர்க்கரை என்றால் சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்று என் தகப்பனார் சொல்வார். எனக்கு மொய்க்கவில்லை. சர்க்கரை பார்க்கும் பட்டையைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்தேன், நிறமும் மாறவில்லை. இரவில் ஐந்து முறை எழுந்தாலும் சர்க்கரை இல்லை என்றுதானே பொருள்?

உங்கள் தகப்பனார் சொன்னதில் பாதி சரி ஐயா. எறும்பு வந்தால் சிறுநீரில் சர்க்கரை இருக்கலாம். வராததால் ரத்தத்தில் இல்லை என்று ஆகாது. 180 என்ற அந்த வரம்பு வயதானால் பலருக்கு மேலே நகர்ந்துவிடும். ரத்தத்தில் 190 இருந்தும் பட்டை நிறம் மாறாத முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரத்தம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் நிறையப் போகிறதா, கொஞ்சமாகவா? கொஞ்சமாக, மெல்லிய தாரையாக, முழுதும் போகாத உணர்வோடு போனால் புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். எரிச்சல் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். இரண்டும் சர்க்கரையோடு சேர்ந்தும் வரும். ஆகவே இதைச் சொல்லி ரத்தப் பரிசோதனையிலிருந்து தப்பித்துவிடாதீர்கள்.

மதுரை, பள்ளி ஆசிரியை: தாகம் பெரிதாக இல்லை, அசதிதான் ஆளைக் கொல்கிறது. வெறும் வயிற்றில் 108. ஹெச்பிஏ1சி 6.6. ஹீமோகுளோபின் 8.4, மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதா?

இந்த எண்களை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் 126 முதல் சர்க்கரை நோய், உங்களுக்கு 108. ஹெச்பிஏ1சியில் 6.5 முதல் சர்க்கரை நோய், உங்களுக்கு 6.6. ஒன்று இல்லை என்கிறது, மற்றொன்று ஆம் என்கிறது.

ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. இரும்புச்சத்துக் குறைவில் அந்த எண் உண்மையைவிடச் சற்று உயர்ந்து காட்டலாம். ஆகவே மருத்துவரிடம் குளுக்கோஸ் கரைசல் குடித்துச் செய்யும் பரிசோதனையைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, நடமாடாமல் உட்கார்ந்திருந்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்க வேண்டும். அதில் 200 தொட்டால் சர்க்கரை நோய், 140-க்கும் 199-க்கும் இடையில் என்றால் அதன் வாசலில் நிற்கிறீர்கள். அசதிக்கு 8.4 ஹீமோகுளோபினே போதுமான காரணம். இரும்புச்சத்து தேறிய சில மாதங்களுக்குப் பிறகு ஹெச்பிஏ1சியைத் திரும்பப் பாருங்கள். அதுவரை இந்தக் கேள்வி திறந்தே இருக்கும்.

திருப்பூர், பனியன் கடைக்காரர்: எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது. பரிசோதனைக்கு முன் மூன்று நாள் சோறு, இனிப்பு எதையும் தொடவில்லை. வெறும் வயிற்றில் 118 வந்தது. தாகம் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

மூன்று நாள் பத்தியத்துக்குப் பிறகும் 118 என்றால் அது சரியான எண் இல்லை. வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருக்க வேண்டும். வழக்கமான சாப்பாட்டில் உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்பதை இந்தப் பரிசோதனை காட்டவில்லை. வழக்கம்போல் சாப்பிடுங்கள். இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், சர்க்கரை போடாத காபியும் கூடாது. காலையில் ரத்தம் கொடுத்து, பிறகு வழக்கமான காலை உணவைச் சாப்பிட்டு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கிட்டு மறுபடி கொடுங்கள். முடிவு எதுவானாலும் தாகத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், செவிலியர்: ரத்தம் எடுத்த குழாயைப் பற்றி நீங்கள் சொல்லவில்லையே. கிராமத்தில் எடுத்து நகரத்துக்கு அனுப்பும் ரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடுகிறது. இதற்கு எல்லாருக்கும் ஹெச்பிஏ1சி மட்டும் பார்த்துவிட்டால் என்ன? ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களையும் விட்டுவிட்டீர்கள்.

குழாயைப் பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி, சகோதரி. எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை தின்றுகொண்டே இருக்கும். 130 இருந்த ரத்தம் மூன்று மணி நேரம் சும்மா கிடந்தால் 110-க்கு அருகில் வந்துவிடும். நோயாளி நிம்மதியாக வீட்டுக்குப் போவார். சாம்பல் நிற மூடிக் குழாய் இதை ஓரளவு தடுக்கும். ரத்தத்தை உடனே சுழற்றிப் பிரிப்பதே நல்லது. வீட்டுக்கு வந்து எடுப்பவரிடம் எத்தனை மணிக்குள் ஆய்வகம் சேரும் என்று தயங்காமல் கேளுங்கள்.

ஸ்டீராய்டும் உண்மைதான். காலையில் மாத்திரை போடுபவருக்கு வெறும் வயிற்றில் சரியாகவே இருந்து, பிற்பகலில்தான் ஏறும். அவர்கள் மதிய உணவுக்குப் பிறகு பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாருக்கும் ஹெச்பிஏ1சி மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. மேலே ஆசிரியையின் கணக்கைப் பாருங்கள். அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அது குறைந்தும் காட்டலாம். ஈரோட்டுக் குழந்தையைப் போல் திடீரென்று சர்க்கரை ஏறியவர்களுக்கு அந்த எண் உயரவே நாளாகும். இந்த விஷயத்தில் நம் இருவர் கருத்தும் வேறாகவே இருக்கட்டும்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: பார்த்துவிட்டேன். விரலில் 312. மறுநாள் கையில் எடுத்த ரத்தத்தில் வெறும் வயிற்றில் 204, ஹெச்பிஏ1சி 10.1. ஒரு நாள் சிறுநீர் நாலரை லிட்டர். எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. மாத்திரை தொடங்கிவிட்டார்கள். இப்போது ஊர்ப்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி மாற்றிவிடட்டுமா?

எண்கள் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன. ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. 10.1 என்றால் சராசரி 240-க்கு மேல். தாகம் தொடங்குவதற்கு முன்பே சர்க்கரை ஏறியிருக்க வேண்டும். எடை இவ்வளவு குறைந்திருப்பதால் சிறுநீரில் கீட்டோன் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கண்ணாடி இப்போது வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸில் நீர் ஏறியும் இறங்கியும் அதன் வளைவு மாறும். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் மங்கல் கூடவும் செய்யலாம். இன்று அளந்து வாங்கும் கண்ணாடி பின்னர் பொருந்தாமல் போகும். சர்க்கரை ஒரு நிலைக்கு வந்த பிறகு அளவெடுங்கள். விழித்திரையை மட்டும் இப்போதே கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிடுங்கள். அந்தச் சொட்டு விட்ட நாளில் கண்பாப்பா விரிந்து கண் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. பலகை தெளிவாகத் தெரியும்வரை ஸ்டீயரிங்கையும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.