நியூயோர்க் வெள்ளி, யாழ்ப்பாணச் சனி

“நியூயோர்க் கிளையன்ருக்கு ‘05/06 பின்னேரம் அனுப்புவன்’ எண்டு எழுதினன். ஒரு மாதம் பிந்தீட்டுது எண்டு கோவிக்கிறார். என்ன பிழை?”

அமெரிக்கர் மாதத்தைத்தான் முதல் வாசிப்பினம். உங்கட ஜூன் 5 அவருக்கு மே 6. மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதுங்கோ. பின்னேரமும் ஆற்றை பின்னேரம்? ஜூனில் அங்க வெள்ளி மாலை 5 மணியெண்டால் எங்களுக்குச் சனி விடியப்புறம் 2.30. வரியை இப்படி வையுங்கோ:

```
Friday, 5 June, 10:00 am New York (7:30 pm Jaffna)
```

EST எண்டு போடாதேங்கோ. அது குளிர்கால நேரம், ஜூனில் ஒரு மணித்தியாலம் பிசகும். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து அந்த 7.30 எங்களுக்கு 8.30 ஆகும்.

இப்ப மன்னிப்பை ஒரு வரியோட நிப்பாட்டி, அடுத்த வரியில் புது நேரத்தைச் சொல்லுங்கோ. நீட்டி எழுதினால் சாட்டுச் சொல்லுற மாதிரித்தான் படும்.