மிக்ஸி மோட்டாரில் தீப்பொறி: கார்பன் பிரஷ்ஷை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை

கேள்வி: எங்கள் மிக்ஸியின் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் வழியாகப் பொறி பறப்பது தெரிகிறது, கருகிய வாடையும் வருகிறது. வெறும் ஜாரை வைத்தால் ஓடுகிறது. பொருளைப் போட்டால் திணறி நின்றுவிடுகிறது. சில நேரம் பக்கவாட்டில் தட்டினால்தான் ஓடவே தொடங்குகிறது. சென்ற ஆண்டு ஒரு கார்பன் பிரஷ்ஷை மட்டும் மாற்றினோம். இப்போது மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள். பிரஷ் மட்டும் மாற்றினால் போதாதா? வீட்டிலேயே செய்யலாமா?

பதில்: தட்டினால் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் மிக நல்ல தடயம். கம்பிச்சுற்று எரிந்துபோன மோட்டார் தட்டுக்குப் பணியாது. தட்டும்போது உள்ளே ஏதோ ஒன்று அசைந்து தொடர்பு கிடைக்கிறது. பெரும்பாலும் அது தேய்ந்து குட்டையான கார்பன் பிரஷ்ஷாகவே இருக்கும். வெறும் ஜாரோடு ஓடுவதும், மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுற்றுப் பகுதியான ஆர்மேச்சர் இன்னும் உயிரோடு இருப்பதற்கான அடையாளம். ஆகவே மோட்டாரை மாற்றும் முடிவை இப்போதே எடுக்க வேண்டாம். திறந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் செய்யக்கூடிய வேலைதான்.

பிரஷ் தேய்ந்தால் வலு ஏன் குறைகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகும். மிக்ஸி மோட்டாரில் மின்சாரம் அசையாமல் இருக்கும் கம்பிச்சுற்றான ஃபீல்டு காயில், ஒரு பிரஷ், சுழலும் ஆர்மேச்சர், மறு பிரஷ் என ஒரே வழியில் ஓடுகிறது. ஆர்மேச்சரின் முனையில் இருக்கும் செம்புப் பட்டைகளாலான உருளைதான் கம்யூட்டேட்டர். அதன் இருபுறமும் பிரஷ்களை அழுத்திப் பிடித்திருப்பவை ஸ்பிரிங்குகள். பிரஷ் குட்டையாகும்போது ஸ்பிரிங் அதைத் துரத்திக்கொண்டு நீள்கிறது. நீள நீள அதன் அழுத்தம் தளர்கிறது. மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுழல்கிறது, கம்யூட்டேட்டரில் 24 பட்டைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரஷ்ஷின் அடியிலும் நொடிக்கு 7,200 பட்டைகள் கடந்து போகின்றன. அழுத்தம் தளர்ந்த பிரஷ் அந்த வேகத்தில் துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலிலும் தொடர்பு அறுந்து பொறி பறக்கிறது.

இந்த வகை மோட்டாரில் ஃபீல்டும் ஆர்மேச்சரும் ஒரே தொடரில் இருப்பதால், மின்னோட்டம் சற்றுக் குறைந்தாலும் திருகுவிசை பெரிதாகக் குறையும். மின்னோட்டம் பத்தில் எட்டுப் பங்காக இறங்கினால், திருகுவிசை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு வந்துவிடும். வெறும் ஜாரில் பிளேடைச் சுழற்ற அது போதும், அரைக்கப் போதாது. உங்கள் மிக்ஸி திணறுவது இதனால்தான்.

பொறி தன் தடத்தை விட்டுச் செல்லும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அது செம்புப் பட்டைகளைக் கருக்கிச் சொரசொரப்பாக்குகிறது. சொரசொரப்பான செம்பு அடுத்து வரும் பிரஷ்ஷை அரம்போல் தேய்த்துவிடுகிறது. அதனால்தான் பிரஷ்ஷை மட்டும் மாற்றி மூடிய மிக்ஸிகள் விரைவிலேயே மறுபடியும் பொறி கக்குகின்றன. உங்களுடையதில் ஒரு பிரஷ் மட்டும் புதிதாகப் போனது கூடுதல் கேடு. இரண்டும் ஒரே மின்பாதையில் இருப்பதால், பழையதன் துள்ளல் புதியதன் வழியே ஓடும் மின்னோட்டத்தையும் அறுக்கிறது. எப்போதும் இரண்டையும் ஒரே வகையில், ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

பிளக்கைப் பிடுங்கியபின் சில நிமிடங்கள் விட்டுவிடுங்கள். சில மோட்டார்களில் ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் கெப்பாசிட்டர் இருக்கும், அதில் மின்னூட்டம் தங்கலாம். மிக்ஸியைத் துணிமேல் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றுங்கள். சில திருகுகள் ரப்பர் கால்களுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். பல மாதிரிகளில் கம்யூட்டேட்டர் அடிப்பக்கமே இருக்கிறது, அதோடு வேலை முடிந்தது. மோட்டாரையே வெளியே எடுக்க வேண்டிய மாதிரி என்றால் மேலே உள்ள கப்ளரைக் கழற்ற வேண்டும். அடியிலிருந்து தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டார் ஓடும்போது கப்ளர் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் கப்ளரைத் திருப்பினால் கழலும். அரைக்கும்போது வரும் சுமை அதை இறுக்கிக்கொண்டே இருக்கும்படி மரை வெட்டப்பட்டிருப்பதே காரணம். எதிர்த்திசையில் முரட்டுத்தனமாகத் திருகிக் கப்ளரை உடைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

எதையும் கழற்றுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது, பிரஷ் எந்த வாக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பது அதில் தெரிய வேண்டும். பிரஷ் ஹோல்டரின் பின்மூடியை அல்லது வளைத்துவிட்ட பித்தளை நாக்கை எடுக்கும்போது விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எகிறிப் போகும்.

வெளியே எடுத்த பழைய பிரஷ்களை அளந்து பாருங்கள். சென்ற ஆண்டு மாற்றாதது மற்றதைவிடக் குட்டையாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். புதிதில் 18 மி.மீ. இருந்தது 6 மி.மீ. அளவுக்கு வந்திருந்தால், அதாவது மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியிருந்தால், அதன் காலம் முடிந்தது. வாங்கும்போது நீளத்தைவிடத் தடிமனும் அகலமும்தான் முக்கியம். பழைய பிரஷ்ஷையே எடுத்துச் சென்று காட்டுங்கள். புதியது ஹோல்டருக்குள் தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. சற்றுத் தடித்திருந்தால் தட்டையான பரப்பில் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். மெலிந்த பிரஷ்ஷுக்கு மருந்தே இல்லை. அது ஹோல்டருக்குள் சாய்ந்து ஓரம் மட்டும் தொட்டு, முன்பைவிட மோசமாகப் பொறி கக்கும்.

பிரஷ்ஷின் பின்னாலிருந்து வரும் மெல்லிய பின்னல் செம்புக் கம்பியையும் பாருங்கள். மின்சாரம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அது அறுந்தாலோ சரியாகச் சேராமல் போனாலோ மின்சாரம் ஸ்பிரிங் வழியே பாயும். ஸ்பிரிங் சூடேறித் தன் விறைப்பை இழந்துவிடும். பழைய ஸ்பிரிங் நீலம் பாய்ந்தோ சுருள் குறுகியோ இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. அதைத் திரும்பப் போடாதீர்கள்.

இப்போது கம்யூட்டேட்டர். இங்கேதான் பொறுமை வேண்டும். நல்ல கம்யூட்டேட்டர் பளபளக்கும் செம்பாக இருக்காது. சீரான பழுப்பு நிறப் படலம் படிந்திருக்கும். அந்தப் படலம் பிரஷ்ஷுக்கு நல்லது, சுரண்டாதீர்கள். கரி அப்பியிருந்தால் மட்டும் 600 எண் அளவிலான மென்மையான உப்புத்தாளை ஒரு பட்டையாகக் கிழித்து, கம்யூட்டேட்டரின் மேல் பிடித்தபடி தண்டைக் கையால் சுழற்றுங்கள். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள்கள் மின்சாரத்தைக் கடத்தலாம், பட்டைகளுக்கிடையே சிக்கினால் குறுக்குச்சுற்றாகும். பட்டைகளுக்கு இடையிலுள்ள மெல்லிய பள்ளங்களில் கரித்தூள் அடைந்திருக்கும். மரக்குச்சியால் நோண்டி எடுத்து, முகத்தை மூடிக்கொண்டு ஊதிவிடுங்கள். கரித்தூள் மின்கடத்தி என்பதால் மோட்டாரின் உட்புறம் முழுவதையும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்வது நல்லது. எண்ணெய் எதுவும் இங்கே படக் கூடாது.

பிறகு நகத்தைக் கம்யூட்டேட்டரின் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். பிரஷ் ஓடிய தடம் நகத்தில் தட்டும் அளவுக்குப் பள்ளமாக இருந்தால் உப்புத்தாளால் ஆகாது. லேத்தில் கடைய வேண்டும், அல்லது ஆர்மேச்சரை மாற்ற வேண்டும். கப்ளர் பக்கத் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. ஆடும் தண்டு பிரஷ்ஷைத் துள்ள வைக்கும், எத்தனை ஜோடி புதிதாகப் போட்டாலும் தின்றுவிடும். முதலில் புஷ், பிறகுதான் பிரஷ்.

புதிய பிரஷ்ஷின் முனையில் வளைவு இருந்தால் அது கம்யூட்டேட்டரின் உருண்டையோடு பொருந்தும் வாக்கில்தான் உள்ளே போக வேண்டும். சதுர வடிவப் பிரஷ்ஷைத் தவறுதலாகக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டுவிடுவது எளிது. அப்போது இரண்டு ஓரங்கள் மட்டுமே தொடும். முனை தட்டையாக இருந்தால், கம்யூட்டேட்டரின் விட்டமுள்ள உருளைத் தடியில் உப்புத்தாளைச் சுற்றி அதன்மேல் தேய்த்து வளைவு ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பிரஷ்களைப் போட்டு முடித்தபின் தண்டைக் கையால் சுழற்றுங்கள். லேசான உராய்வோடு தடையின்றிச் சுழல வேண்டும். ஒயர் எதுவும் விசிறியிலோ கம்யூட்டேட்டரிலோ உரசக் கூடாது.

மூடியபின், பிளக்கைச் சொருகாமல், சுவிட்சை ஓடும் நிலையில் வைத்து மல்டிமீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவில் பிளக்கின் ஒவ்வொரு மின் முனைக்கும் மோட்டார் தண்டுக்கும் இடையே பாருங்கள். எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் மின்சாரம் கொடுக்காதீர்கள், மின் பணியாளரிடம் போக வேண்டிய கட்டம் அது. சரியாக இருந்தால் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைச் சொருகி, வெறும் ஜாரை வைத்து மிகக் குறைந்த வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்து, நான்கைந்து முறை திரும்பச் செய்யுங்கள். பிரஷ் முனை முழுவதும் பதிந்து உட்கார இந்த ஓட்டம் தேவை. உடனே கெட்டியான சுமையைப் போட்டால், தொட்டுக்கொண்டிருக்கும் சிறு பகுதி மட்டும் எல்லா மின்சாரத்தையும் சுமந்து கருகும்.

தொடக்கத்தில் பொறி சற்று அதிகமாக இருக்கும், ஓட ஓடக் குறையும். பிரஷ்ஷின் விளிம்பில் ஊசி முனை போன்ற நீலப் புள்ளிகள் மிஞ்சினால் கவலை வேண்டாம், இவ்வகை மோட்டாரின் இயல்பு அது. மஞ்சள் நிறத்தில் கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாகத் தீ ஓடினால் உடனே நிறுத்துங்கள். பிரஷ்களை மறுபடி எடுத்துவிட்டு, மல்டிமீட்டரால் அடுத்தடுத்த இரண்டு பட்டைகளுக்கு இடையிலான மின்தடையைச் சுற்றிவர அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சிறிய எண் வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பல மடங்கு ஏறினால் அங்கே சுற்று அறுந்திருக்கிறது, அந்தப் பட்டைகளின் ஓரமும் கருகியிருக்கும். குறுக்குச்சுற்றைச் சாதாரண மீட்டர் எளிதில் காட்டாது. சுமையே இல்லாமலும் மோட்டார் உறுமிச் சில நொடிகளில் சூடேறுவதும், ஆர்மேச்சரின் ஒரு சுற்று மட்டும் கறுத்திருப்பதும் அதைக் காட்டிக்கொடுக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தால் உங்களிடம் சொன்னவர்கள் பாதி சரி: மாற்ற வேண்டியது ஆர்மேச்சர். ஃபீல்டு காயிலில் கருகலோ வாடையோ இல்லாதவரை முழு மோட்டாரையும் மாற்றத் தேவையில்லை.