லாபம் 240, வங்கி இருப்பில் குறைவு 320: என் கூட்டாளிக்கு எழுதிய குறிப்பு

கேள்வி: லாப நட்டக் கணக்கில் லாபம் காட்டுகிறது, ஆனால் வங்கி இருப்பு மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது. கணக்குப் படிக்காத என் தொழில் கூட்டாளிக்கு இதை எப்படி எழுதி விளக்குவது?

பதில்:

எங்கள் சிறிய உற்பத்தி நிறுவனத்தில் கணக்கும் கொள்முதலும் என் பொறுப்பு. விற்பனை என் கூட்டாளியின் பொறுப்பு. ஓர் அரையாண்டு முடிவில் அவரும் இதைத்தான் கேட்டார், சற்றுக் காரமாக: "லாபம், லாபம் என்று சொல்கிறீர்களே, அந்தப் பணம் எங்கே இருக்கிறது?" வாயால் விளக்கி இரண்டு முறை தோற்ற பிறகு எழுதிக் கொடுத்தேன். தொகைகளை மட்டும் எளிய எண்களாக மாற்றி அந்தக் குறிப்பைக் கீழே தருகிறேன். எல்லாத் தொகைகளும் ஆயிரத்தில் உள்ளன. எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றே. வரிகளை விட்டுவிட்டேன், அவை நாட்டுக்கு நாடு மாறும்.

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு மாதங்களில் நாம் 1620-க்கு விற்றோம், 240 லாபம் வந்தது. அதே ஆறு மாதங்களில் வங்கி இருப்பு 500-இலிருந்து 180-ஆக இறங்கிவிட்டது. இரண்டு கணக்குகளையும் மறுபடி சரிபார்த்தேன். இரண்டிலும் பிழை இல்லை. லாப நட்டக் கணக்கு நாம் பில் போட்ட நாளில் விற்பனையை எழுதிக்கொள்கிறது, வங்கியோ பணம் வந்து சேரும் நாள்வரை எதையும் எழுதுவதில்லை. இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில்தான் நம் பணம் இருக்கிறது.

100 மதிப்புள்ள ஒரே ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு நாள்வாரியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். அதற்கான உதிரிப் பாகங்கள் 60-க்கு முதல் நாள் வந்து இறங்குகின்றன. விநியோகஸ்தருக்கு முப்பதாம் நாள் அந்த 60-ஐக் கொடுத்துவிடுகிறோம். பாகங்கள் கிடங்கிலும் பட்டறையிலுமாக இரண்டு மாதங்கள் இருந்து, அறுபதாம் நாள் பொருளாக வெளியே போகின்றன. அன்றே பில் போடுகிறோம். அன்று மாலை லாப நட்டக் கணக்கைத் திறந்தால் விற்பனை 100, பொருள் செலவு 60, மிச்சம் 40 என்று அழகாகத் தெரியும். வங்கியில் தெரிவது முப்பது நாட்களுக்கு முன்பே போய்விட்ட 60 மட்டுமே. வாடிக்கையாளர் அறுபது நாள் கடனில் வாங்குவதால் அந்த 100 நம் கைக்கு வருவது நூற்றிருபதாம் நாள். ஆக, 90 நாட்கள் நம் 60 வெளியே நிற்கிறது, அந்த 90 நாட்களும் சம்பளத்தையும் வாடகையையும் வேறெங்கிருந்தோ கொடுத்தாக வேண்டும்.

விற்பனை ஒரே அளவில் இருந்தால் இது உறுத்தாது, ஏனெனில் பழைய ஆர்டரின் பணம் வந்து புதிய ஆர்டரின் செலவைச் சுமந்துவிடும். நமக்கோ மாத விற்பனை 200-இலிருந்து மாதம் 20 வீதம் கூடி 320-ஐத் தொட்டிருக்கிறது. மாத விற்பனை 100 கூடும்போதெல்லாம், வரவேண்டிய பாக்கி இரண்டு மாத அளவுக்கு, அதாவது 200 கூடுகிறது. சரக்கிருப்பு இரண்டு மாதப் பாகங்கள் அளவுக்கு, அதாவது 120 கூடுகிறது. விநியோகஸ்தர் தரும் ஒரு மாதக் கடன் அதில் 60-ஐத் தாங்கிக்கொள்கிறது. மீதி 260 நம் வங்கிக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். அந்தக் கூடுதல் 100 நமக்கு மாதம் 40 தான் தருகிறது என்பதால், சிக்கிய 260-ஐ ஈடுகட்டவே ஆறரை மாதங்கள் ஆகும். அதற்குள் இன்னொரு 20, அதன்மேல் இன்னொரு 20 என்று நாம் கூட்டிக்கொண்டே போனோம். ஆர்டர் பிடித்து வந்தது உங்கள் உழைப்பு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்கான முன்பணத்தை வங்கிக் கணக்கு போட்டது என்பதையே சொல்கிறேன்.

லாபத்திலிருந்து தொடங்கி வங்கி இருப்பில் போய் முடியும் கணக்கு இது:

லாபம்: 240
தேய்மானம் (செலவாக எழுதியது, பணமாகப் போகாதது): கூட்டுக 60
வரவேண்டிய பாக்கி 400-இலிருந்து 760: கழிக்க 360
சரக்கிருப்பு 240-இலிருந்து 390: கழிக்க 150
கொடுக்கவேண்டிய பாக்கி 120-இலிருந்து 220: கூட்டுக 100
தொழிலிலிருந்து வந்த பணம்: குறைவு 110
இயந்திரக் கடனில் அடைத்த அசல்: கழிக்க 90
நாம் இருவரும் எடுத்துக்கொண்டது: கழிக்க 120
வங்கி இருப்பில் மொத்தக் குறைவு: 320

கடைசி இரண்டு கழிவுகளை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. தவணையில் வட்டிப் பகுதி மட்டுமே லாப நட்டக் கணக்கில் செலவாகும். அசல் மாதம் 15 வீதம் அந்தக் கணக்கின் கண்ணிலேயே படாமல் வங்கியிலிருந்து போகிறது. நாம் மாதம் தலைக்கு 10 எடுப்பதும் அப்படியே, அது லாபத்தின் பங்கே தவிர செலவு அல்ல.

உங்கள் கவனம் தேவைப்படுவது வரவேண்டிய பாக்கியில் கூடிய 360-க்குத்தான். எல்லோரும் அறுபது நாளில் கொடுத்திருந்தால் இன்று பாக்கி நிற்க வேண்டியவை ஐந்தாம் மாதத்தின் 300, ஆறாம் மாதத்தின் 320, ஆக 620 மட்டுமே. ஆனால் நிற்பது 760. அப்படியானால் கூடிய 360-இல் 220 வளர்ச்சியால் வந்தது, 140 தாமதத்தால் வந்தது. பாக்கிப் பட்டியலை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்ததும் அந்த 140 யாருடையது என்று தெரிந்துவிட்டது: நான்காம் மாத விற்பனையில் சரிபாதியை வாங்கிய நம் மிகப் பெரிய வாடிக்கையாளருடைய ஒரே பில். அவர்களுடைய கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தேன். பில்லில் கொள்முதல் ஆணை எண் இல்லாததால் அதை அவர்கள் பதிவே செய்யவில்லை. அவர்கள் கணக்கில் அறுபது நாள் என்பது நாம் பில் போட்ட தேதியிலிருந்து அல்ல, அவர்கள் பில்லை ஏற்ற தேதியிலிருந்து. திருத்திய பில்லை அன்றே அனுப்பினேன். அந்த எண்ணை விட்டுவிட்டது நம் அலுவலகம்தான், அதாவது நான்தான். நாம் கேட்டதோ அறுபது நாள் கடந்த பிறகு. பத்தாம் நாளே "பில் பதிவாகிவிட்டதா" என்று கேட்டிருந்தால் இந்த 140 இப்போது வங்கியில் இருந்திருக்கும்.

இது வளர்ச்சியால் வந்த நெருக்கடியா, தொழிலே பணம் தின்கிறதா என்று எப்படி அறிவது என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது: விற்பனை இன்றுள்ள 320-இலேயே நின்றுவிடுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். பாக்கியும் சரக்கும் அப்போது கூடாது. மாதம் 320-க்கு 128 மிச்சம். வட்டி உட்பட மற்றச் செலவு 58, தேய்மானம் 10 போக லாபம் 60. தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, அசல் 15-ஐயும் நம் 20-ஐயும் கழித்தால் வங்கி மாதம் 35 ஏறும். ஆகவே தொழில் நோயாளி அல்ல. இதே சோதனையில் வங்கி இறங்கும் என்று விடை வந்திருந்தால் பாக்கி வசூலித்துப் பயனில்லை, விலையையோ செலவையோ நாம் எடுத்துக்கொள்வதையோ மாற்றியிருக்க வேண்டும்.

ஒரு சந்தேகத்தை மறைக்க விரும்பவில்லை. சரக்கிருப்பு 390-இல் பழைய மாடலுக்கான பாகங்கள் 45-க்கு இருக்கின்றன. அவை இருந்த பெட்டிகளை நானே திறந்து பார்த்தேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆனால் அந்த மாடலை யாரும் இனிக் கேட்கப் போவதில்லை. அவற்றை நட்டமாக எழுதினால் அரையாண்டு லாபம் 240 அல்ல, 195. வங்கி இருப்பு அதனால் மாறாது, அந்தப் பணம் எப்போதோ போய்விட்டது. லாபத்தைவிட வங்கி பின்தங்கியே நிற்கும்போது, லாபமே சற்று ஊதியிருக்கிறதா என்று முதலில் தேடவேண்டிய இடம் கிடங்குதான், அடுத்தது வெகுநாள் பாக்கி.

என் யோசனைகள் நான்கே. பில்லில் ஆணை எண் இருக்கிறதா என்பதைச் சரக்கு வண்டி ஏறும் முன் நான் பார்க்கிறேன். பத்தாம் நாளும் நாற்பத்தைந்தாம் நாளும் நீங்கள் வாடிக்கையாளரிடம் பேசுங்கள், உங்கள் குரலுக்கு அங்கே மதிப்பு உண்டு. இரண்டு மாதச் சரக்கை ஒன்றரை மாதமாகக் குறைத்தால் 96 விடுபடும், சில பாகங்கள் வந்துசேர நாளாகும் என்பதால் அதற்குமேல் குறைக்க எனக்குத் துணிவில்லை. விநியோகஸ்தரிடம் 45 நாள் கேட்கலாம். கிடைத்தால் சுமார் 110 மிஞ்சும், ஆனால் அது ஒரே ஒரு முறை கிடைப்பது, மாதாமாதம் வருவதாக நினைத்து அதை நம்பிச் செலவு வைத்துவிடக் கூடாது.

குறிப்பு இத்துடன் முடிகிறது.

இதைப் படித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் அடுத்த பெரிய ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிடவா?" அந்த வாரமே 150-க்கு ஓர் ஆர்டர் பேச்சில் இருந்தது. பாகங்களுக்கு மட்டும் 90 தேவை. முன்பணமாக 40 சதவீதம், அதாவது 60 கொடுத்தால் விலையில் 2 சதவீதம் குறைப்பதாகச் சொல்லுங்கள் என்றேன். வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டார். பாகங்களுக்காக நம் கையிலிருந்து போனது 90 அல்ல, 30. லாபத்தில் 3 குறைந்தது. அந்த 3-ஐக் கூட்டாளி இன்றும் எனக்குச் சொல்லிக் காட்டுகிறார்.