பத்தாவது நிமிடத்தில் நிற்கும் அடுப்பு

கேள்வி: இண்டக்ஷன் அடுப்பு பத்து நிமிடம் ஒழுங்காக வேலை செய்துவிட்டு E3 என்று மின்னி நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் விட்டால் திரும்ப வருகிறது. திருத்துபவர், "போர்ட் போய்விட்டது, 9,500 ரூபாய்" என்கிறார். மாற்றவா?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: அவசரப்பட வேண்டாம். E3 என்றால் என்ன என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், கையேட்டைப் பாருங்கள். ஆனால் எந்த நேரத்தில் நிற்கிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஆறியதும் திரும்ப வருகிற அடுப்பில் நான் முதலில் சந்தேகப்படுவது போர்டை அல்ல, அடியில் இருக்கும் சின்ன ஃபேனை. அதுதான் உள்ளே சூடாகும் பாகங்களைக் குளிர வைக்கிறது. நம் சமையலறை எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து அதைப் பிசினாக்கிவிடும். கரப்பான் குடியிருந்த ஃபேன்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுப்பு வேலை செய்யும்போது காற்று வெளியேறும் துவாரத்தருகே மெல்லிய டிஷ்யூத் துண்டொன்றைப் பிடியுங்கள். நன்றாகப் படபடத்தால் ஃபேன் சுற்றுகிறது. அப்படியானால் அடுப்பை எதன்மேல் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். மேசைவிரிப்பு அடியில் ஒட்டிக்கொண்டு, காற்று உள்ளே போகும் வழியை அடைத்திருக்கலாம். டிஷ்யூ அசையவே இல்லையென்றால் முதலில் ஃபேனைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அதற்கும் சுற்றாவிட்டால் அதே வோல்டேஜ், அதே அளவில் வேறு ஃபேன் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் நின்றால்தான் வெப்பத்தை உணரும் சென்சரையும் போர்டையும் பற்றிப் பேச வேண்டும். ஃபேனைத் திறந்தே பார்க்காமல் போர்டுக்கு விலை சொல்கிறவரை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

இன்னொன்று: சமைத்து முடிந்த உடனே பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஃபேன் கொஞ்ச நேரம் ஓடித் தானாக நிற்கட்டும். எத்தனை தடவை எழுதினாலும் எவரும் கேட்பதில்லை.

கேள்வி: புதுத் தாச்சியை வைத்ததும் பீப் பீப் என்று கத்தி நிற்கிறது. அடுப்பு பழுதா?
– கொட்டாஞ்சேனை

பதில்: தாச்சிதான். அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். வெறும் அலுமினியம் என்றால் ஒட்டாது, சூடாகவும் மாட்டாது. எனக்கும் பட்டறிவு உண்டு: புறக்கோட்டையில் 'இண்டக்ஷன்' ஸ்டிக்கர் ஒட்டிய தாச்சி வாங்கினேன். நடுவில் சிறு தேங்காய்ச் சிரட்டை அளவுக்குத்தான் காந்தம் பிடித்தது. அடுப்பு ஒரு நேரம் ஏற்கும், ஒரு நேரம் கத்தும். இப்போது காந்தத்தோடுதான் கடைக்குப் போகிறேன்.

கேள்வி: இரவு ஏழு மணிக்குப் பிறகு மட்டும் நிற்கிறது.
– தெஹிவளை

பதில்: மின்னழுத்தம் இறங்குகிறது போல. நம் நாட்டில் 230 வோல்ட் வர வேண்டும், 6 சதவீதம் கூடிக் குறையலாம். அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. எலக்ட்ரீஷியனை இரவில் வரச் சொல்லி, அடுப்புப் போட முன்னும் போட்ட பின்னும் அதே பிளக்கில் அளக்கச் சொல்லுங்கள். போட்டதும் மட்டும் விழுந்தால் வீட்டு வயரிங்கையோ மல்டி பிளக்கையோ பாருங்கள்; 2000 வாட் அடுப்பு 9 அம்பியர் அளவு இழுக்கும். போட முன்னரே மெயினில் குறைந்திருந்தால் மின்சாரம் வழங்குபவரிடம் முறையிடுங்கள். அதுவரை 800 வாட்டில் சமையுங்கள்.

கேள்வி: வாரண்டி இருக்கிறது, பில்லும் இருக்கிறது. கடைக்காரர் மூன்று கிழமையாக அலைக்கழிக்கிறார்.
– வத்தளை

பதில்: அலைந்தது போதும். நுகர்வோர் அதிகார சபையை 1977 என்ற தொலைபேசி எண்ணில் அழையுங்கள்; பில்லின் படத்தையும் எழுத்தில் ஒரு முறைப்பாட்டையும் தயாராக வையுங்கள்.