பிள்ளைகளின் வருடக் கோப்பு: படமும் எழுத்தும், கேள்வி பதில்

டீச்சர், போன வருடம் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு ஃபைல் போட்டோம். ஒவ்வொன்றும் 80 பக்கம் இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் ரெண்டு புரட்டுப் புரட்டிவிட்டு மூடிவிட்டார்கள். எங்கே கோட்டை விட்டோம்? (ஈரோடு, ஆசிரியை)

80 பக்கத்தில் அவர்கள் எதைத்தான் பார்ப்பார்கள், பாவம். ஜூனில் மாம்பழத்துக்குக் கலர் அடித்தது, ஆகஸ்டில் தேசியக் கொடி, டிசம்பரில் பஞ்சு ஒட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா. மாம்பழத்தையும் தாத்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பாதி வேலை டீச்சர் கைபட்டதாகவும் இருக்கும்.

ஒரே வேலையை வருடத்தில் மூன்று முறை கொடுங்கள். நான் ஜூன் கடைசி, அக்டோபர், பிப்ரவரி என்று வைத்திருக்கிறேன். "உன் வீட்டையும் வீட்டில் இருக்கிறவங்களையும் வரை. அப்புறம் அதைப் பத்தி எழுது." சொல்வது அவ்வளவுதான். மூன்று முறையும் அதே வார்த்தைகள், கோடு போடாத ஏ4 தாள், பென்சில், கிரேயான். ரப்பர் கிடையாது, அடித்துவிட்டு எழுதினால் எங்கே யோசித்தான் என்று தாளிலேயே தெரியும். போர்டில் மாதிரி வரையவே கூடாது. நீங்கள் ஒரு வீடு வரைந்தால் முப்பது தாளிலும் உங்கள் வீடுதான் இருக்கும்.

தாளின் பின்பக்கம் தேதி, பிள்ளையின் வயது (வருடம், மாதம்), யாராவது உதவினார்களா என்பது, படத்தைக் காட்டிப் பிள்ளை என்ன சொன்னது என்பது. சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், நல்ல தமிழாக மாற்ற வேண்டாம். இதோடு பருவத்துக்கு இரண்டு தாள் பிள்ளையே எடுத்துத் தரட்டும். வருடத்துக்கு ஒன்பது தாள் போதும்.

கூட்டத்தில் ஃபைலைக் கையில் கொடுக்காதீர்கள். ஜூன் தாளையும் பிப்ரவரி தாளையும் மேசையில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம். பதிவேடும் இருக்கிறது. அதற்கு மேல் இது வேறு எதற்கு மேடம்? ஈராசிரியர் பள்ளி, நேரமே இல்லை. (தஞ்சாவூர் மாவட்டம், ஆசிரியர்)

நேரம் இல்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை சார். அதனால்தான் மூன்றே முறை. ஒரு நாளைக்கு ஐந்து பேராக உட்கார வையுங்கள். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

பையன் மொட்டு நிலையில் இருக்கிறான் என்றால் எங்கே நிற்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி வந்தான், எது இன்னும் வரவில்லை என்பது அவன் அம்மாவுக்குத் தெரியாது. என் வகுப்பில் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் மூன்று தாள்களைச் சொல்கிறேன்.

ஜூனில் வீடு ஒரு பெட்டி. ஆட்கள் எல்லாருக்கும் பெரிய தலை, தலையிலிருந்தே இரண்டு கால். கீழே "ட ம ட ப ட" என்று ஒரு வரி. "என்ன எழுதியிருக்க?" என்றால் விரலை வைத்துப் படிக்கிறான்: "எங்க ஆடு குட்டி போட்டுச்சு." அவனுக்குத் தெரிந்தது மூன்று எழுத்து, அதை வைத்தே முழு வாக்கியத்தையும் எழுதிவிட்டான். பேச்சு எழுத்தாக மாறும், எழுத்து இடமிருந்து வலமாகப் போகும் என்ற இரண்டும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அக்டோபரில் தலைக்குக் கீழே உடம்பு வந்துவிட்டது. சட்டைக்குப் பட்டன்கூட உண்டு. எழுதியது: "எக ஆட குடி போடசு." அவன் அப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார், ஆடு எப்போது குடிக்க ஆரம்பித்தது என்று. ஆனால் நிதானமாகப் பாருங்கள். 'போ'வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக இருக்கின்றன. காதில் பின்னால் கேட்கும் சத்தத்துக்கு முன்னால் கொம்பு போட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கு லேசான விஷயம் இல்லை. விட்டது இரண்டு. ஒன்று, புள்ளி வைத்த எழுத்தெல்லாம் போய்விட்டது. 'ங்', 'ட்' தனியாகக் காதில் விழவில்லை. இன்னொன்று உகரம். 'கு', 'சு' வந்துவிட்டன, 'டு' இரண்டு இடத்திலும் வரவில்லை. மற்ற உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் எந்த எழுத்தோடும் ஒரே மாதிரி சேர்க்கலாம். உகரமும் ஊகாரமும் மட்டும் கு, சு, டு, மு, கூ, சூ என்று எழுத்துக்கு ஒரு வடிவம் எடுக்கும். ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும், அதனால்தான் தாமதமாக வருகிறது.

பிப்ரவரியில் தாளின் அடியில் தரைக்கோடு, அதன் மேல் வீடு, ஆட்கள், ஆடு. மேலே நீலப் பட்டையாக வானம். எழுத்து: "எங்க ஆட்டுக்கு ரென்டு குட்டி. ஒன்னு செத்து போச்சு." ஒற்று வந்துவிட்டது, 'டு' வந்துவிட்டது, இரண்டாவது வாக்கியமும் வந்துவிட்டது. மூன்று சுழி 'ண' இன்னும் வரவில்லை, 'செத்துப்' என்பதன் ஒற்றும் இல்லை. பேச்சுத் தமிழில் எழுதியதை நான் பிழையாக எடுப்பதில்லை, அவன் வீட்டில் கேட்கும் மொழி அதுதான்.

இதை அவன் அம்மாவுக்குச் சொல்ல ஐந்து நிமிடம் ஆனது. அடுத்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அக்கா, என் பொண்ணு ஃபைலில் ஒரு இடத்தில்கூட டீச்சர் சிவப்பு மை வைக்கவில்லை. "பள்ளிக்கூடம்" என்பதைப் "பளிகுடம்" என்று எழுதியிருக்கிறாள். அப்படியே விட்டால் அதுவே பழகிவிடாதா? என் மாமியார் பார்த்தால் ஃபீஸ் எதற்குக் கட்டுகிறோம் என்பார். (மதுரை)

திருத்த வேண்டிய இடம் பாட நோட்டு. ஃபைலில் திருத்தினால் அடுத்த முறை பிள்ளை தனக்கு எழுத வருகிற சொல்லை மட்டும் எழுதும். "அம்மா", "அப்பா", "பூ" என்று பிழையில்லாமல் மூன்று சொல்லோடு நின்றுவிடும், நாமும் ஏமாந்து போவோம். டீச்சர் பின்பக்கம் சரியான சொல்லை எழுதி வைத்திருக்கிறாரா பாருங்கள், பலர் வைப்பார்கள். அடுத்த தாளிலும் "பளிகுடம்" அப்படியே இருந்தால் அப்போது போய்க் கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதினாலும் ஏழு வயதுவரை பதறத் தேவையில்லை. மாமியாரிடம் இரண்டு தாளையும் சேர்த்தே காட்டுங்கள்.

மனிதனுக்குக் கை வரையாத பிள்ளை மனதுக்குள் பயத்தோடு இருக்கிறது என்று படித்தேன். கறுப்புக் கலர் அதிகம் வந்தாலும் கவனிக்க வேண்டுமாம். என் மகனுக்கு நாலரை வயது. ஃபைலில் கையே இல்லை. (கோவை, தந்தை)

பாதி சரி. படத்தில் சில சமயம் ஏதோ தெரியத்தான் செய்யும். ஆனால் நாலு, நாலரை வயதில் கை இல்லாத ஆள் சர்வ சாதாரணம். தலையும் காலும்தான் முதலில் வரும், கை வந்தாலும் காதுக்குப் பக்கத்திலிருந்து முளைக்கும். கறுப்பு பளிச்சென்று விழும் கிரேயான். மஞ்சளை எடுத்து வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள், ஏன் கறுப்பை எடுக்கிறார்கள் என்று புரியும். பெட்டியில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்பதும் உண்டு.

ஆள் படத்தில் என்னென்ன உறுப்பு இருக்கிறது என்று எண்ணி அறிவை அளக்கும் முறையை அமெரிக்காவில் ஃப்ளோரன்ஸ் குட்இனஃப் 1926-லேயே கொண்டுவந்தார். ஒரு தனிப்பட்ட பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்த எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. நான் கவனிப்பது வேறு. முழு ஆளை வரைந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று வாரக்கணக்கில் கிறுக்கல் மட்டும் போட்டு, சாப்பாடு, தூக்கம், பேச்சிலும் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். படத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன்.

என் மகள் ஓவியப் போட்டிகளில் நிறையச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். ஃபைலில் அவற்றை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? (சேலம்)

நீங்கள் கேட்பது வேறு ஃபைல். சான்றிதழுக்குத் தனியாக ஒன்று வாங்குங்கள். போட்டிக்கு அவள் வரைந்த படம் இருந்தால், யாரும் சொல்லித்தராமல் வரைந்ததாக இருந்தால், அதில் ஒன்றைத் தேதி போட்டு இதில் சேர்க்கலாம்.

மூன்று தாளும் ஒரே மாதிரி இருக்கிறதே? ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, தென்னை மரம், குடிசை. (விழுப்புரம், இரண்டாம் வகுப்பு ஆசிரியை)

இந்தப் படம் வராத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் உண்டா! அக்கா வரைவதைப் பார்த்துத் தங்கை, தங்கையைப் பார்த்துப் பக்கத்து பெஞ்ச். அது மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பதுபோல, கைக்கு வந்துவிட்டது, கண்ணுக்கு வேலை இல்லை. அதை வைத்துப் பிள்ளை வளரவில்லை என்று சொல்லாதீர்கள். மலையே வைக்க முடியாத வேலையைக் கொடுங்கள்: "இன்னைக்குச் சத்துணவுக்கு வரிசையில நின்னதை வரை." யார் முன்னால், யார் பின்னால், தட்டை எப்படிப் பிடித்திருந்தார்கள் என்று யோசித்தே ஆக வேண்டும். ஒருவருக்குப் பின்னால் நிற்பவர் பாதி மறைவார் என்பதை எந்தப் பிள்ளை கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் வகுப்பில் ஒன்றிரண்டு பேர் செய்வார்கள். அந்த வேலையையும் மூன்று முறை கொடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பெற்றோரிடம் பிள்ளையின் சிறந்த வேலையைத்தான் காட்ட வேண்டும். ஜூன் மாதக் கிறுக்கலைக் காட்டினால் பள்ளிக்கூடத்தின் பெயர் கெடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

ஐயா, ஜூன் தாளைத் தனியாகக் காட்டினால் நீங்கள் சொல்வது நடக்கும். அதனால்தான் முதல் பருவக் கூட்டத்தில் நான் காட்டுவதில்லை, இரண்டாவது தாள் வந்த பிறகுதான் மேசைக்கு வரும். சிறந்ததை மட்டும் வைத்தால் எல்லாப் பிள்ளையின் ஃபைலும் ஒன்றுபோல் இருக்கும்.

ஒப்புக்கொள்கிறேன், பாதி. ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் தாளை எட்டிப் பார்க்காத பெற்றோரை எனக்குக் காட்டுங்கள்.

அதற்கு என்னிடம் முழு வழி இல்லை ஐயா. குடும்பத்துக்குப் பத்து நிமிடம் என்று தனித்தனியாகக் கூப்பிடுகிறேன். வெளியே போய் வாசலில் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள்தான்.

நவதானியம் ஒட்டிய மயில் படம் வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் ஃபைல் பூராவும் வண்டு. மற்ற தாளும் போச்சு. (நாகர்கோவில்)

தானியம், பருப்பு, இலை ஒட்டியதெல்லாம் ஃபைலுக்குள் போகவே கூடாது. போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, மயிலை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் கிரேயான் படத்தை வைத்தால் வெயில் காலத்தில் மெழுகு ஒட்டிக்கொள்ளும். நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள். ஸ்கெட்ச் பேனா வெளிறிவிடும், பென்சில் நிற்கும். தேதியையும் பென்சிலிலேயே எழுதுங்கள். தரையோடு ஒட்டிய பீரோவில் வைத்தால் கரையானும் வரும்.

வருடம் முடிந்ததும் ஃபைல் யாருக்கு? வீட்டுக்குக் கொடுத்தால் அடுத்த வகுப்பு டீச்சர் எதைப் பார்ப்பார்? (ஈரோடு, முதலில் கேட்டவரே)

நான் பிப்ரவரித் தாளை மட்டும் பிரதி எடுத்து அடுத்த டீச்சருக்குக் கொடுத்துவிட்டு மற்றதை வீட்டுக்கு அனுப்புகிறேன். பக்கத்து வகுப்பு டீச்சர் ஐந்தாம் வகுப்புவரை பள்ளியிலேயே வைக்க வேண்டும் என்கிறார். எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.