பத்தாண்டு வட்டி மூன்று மாத வட்டிக்குக் கீழே இறங்கினால்: கேள்வி பதில்

கோவை, வணிகவியல் மாணவி: சார், அதிக நாளைக்குக் கடன் கொடுத்தால் அதிக வட்டி கேட்பதுதானே முறை? அமெரிக்காவில் மூன்று மாதப் பத்திரத்தை விடக் குறைந்த வட்டிக்குப் பத்து வருஷ அரசுப் பத்திரத்தை ஏன் வாங்குகிறார்கள்?

இன்றைய வட்டி நிலைக்காது என்று நினைப்பதால்தான். ஒரு வருடப் பத்திரம் 5% தருகிறது என்று வையுங்கள். அடுத்த வருடம் அது 3% ஆகிவிடும் என்பது உங்கள் கணிப்பு. 100 ரூபாய் முதல் வருடம் 105 ஆகும், அதை மறுபடி போட்டால் 108.15. இரண்டு வருடத்துக்கு இன்றே 4%க்குப் பூட்டி வைத்தாலும் 108.16 கிடைக்கும். அதனால் 5% கையில் இருக்கும்போதே 4% உங்களுக்கு நஷ்டமாகத் தெரியாது. இப்படிப் பலரும் நினைத்து நீண்டகாலப் பத்திரத்தை வாங்கும்போது அதன் விலை ஏறும், வட்டி இறங்கும்.

வட்டி குறையும் என்று ஏன் நினைக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். விற்பனை படுத்து, வேலை போகத் தொடங்கும்போதுதான் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வழக்கமாக வட்டியை வேகமாகக் குறைக்கும். அந்த நாளை எதிர்பார்த்துத்தான் இந்த விலை. அதனால்தான் பத்தாண்டு வட்டி மூன்று மாத வட்டிக்குக் கீழே போவதை, அதாவது வட்டிக் கோடு தலைகீழாவதை, மந்தநிலையின் முன்னறிகுறி என்கிறார்கள். பணவீக்கம் மட்டும் தணிந்தாலும் வட்டி குறையலாம், அதையும் மறக்க வேண்டாம்.

சென்னை, பங்கு முதலீட்டாளர்: அப்படியானால் கோடு தலைகீழான அன்றே பங்குகளை விற்றுவிட வேண்டியதுதானே? 2008இல் பார்த்தோமே!

திசை சரி, நேரம் தவறு. பத்தாண்டு வட்டி மூன்று மாத வட்டிக்குக் கீழே போனது 2006 நடுவில். மந்தநிலை தொடங்கியது டிசம்பர் 2007இல். நடுவே அமெரிக்கப் பங்குச்சந்தை ஏறிக்கொண்டே போய் அக்டோபர் 2007இல்தான் உச்சம் தொட்டது. முதல் நாளே விற்றவர் ஒரு வருடத்துக்கும் மேலாக ஏற்றத்தை வேடிக்கை பார்த்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. செப்டம்பர் 2007இல் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை 5.25%இலிருந்து 4.75% ஆக்கியது. குறுகியகால வட்டி இப்படி இறங்கும்போது கோடு தானாக நிமிர்ந்துவிடும். "சரியாகிவிட்டது" என்று மூச்சு விடுகிற அந்த நேரத்தில்தான் மந்தம் வாசலுக்கு வந்திருக்கும்.

திருச்சி, ஓய்வுபெற்ற ஆசிரியை: என் வங்கியில் 444 நாள் டெபாசிட்டுக்கு ஐந்து வருட டெபாசிட்டை விட வட்டி அதிகம். இந்தியாவுக்கும் மந்தம் வருகிறதா தம்பி?

இல்லைங்க அம்மா. டெபாசிட் வட்டியை வங்கி தன் தேவைக்கு வைக்கிறது. ஒன்றேகால் வருடத்துக்குப் பணம் வேண்டுமென்றால் அந்தக் காலத்துக்கு மட்டும் கூட்டிக் கொடுக்கும். சந்தையின் கணிப்பைப் பார்க்க 91 நாள் கருவூல உண்டியலையும் பத்தாண்டு அரசுப் பத்திரத்தையும் ஒப்பிட வேண்டும். அதிலும் இங்கே வங்கிகள் சட்டப்படி அரசுப் பத்திரங்களில் பணம் போட்டே ஆக வேண்டும் என்பதால், அமெரிக்காவில் போல அதை நேராக வாசிக்க முடியாது.

மதுரை, வங்கி ஊழியர்: எதிர்பார்ப்பு மட்டும்தானா? குறுகியகால டெபாசிட் வாங்கி நீண்டகாலக் கடன் கொடுப்பதுதானே எங்கள் பிழைப்பு. அந்த இடைவெளி சுருங்கினால் கடன் கொடுக்கவே கை வராதே?

சரியான இடத்தைத் தொட்டீர்கள். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி மலிவாக இருந்தபோது நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்தது. வட்டி ஏறியதும் அவற்றின் விலை சரிந்தது. வாடிக்கையாளர்கள் பணத்தை எடுக்க, பத்திரங்களை விற்றதில் மட்டும் 180 கோடி டாலர் நஷ்டம். மார்ச் 2023இல் வங்கி மூடப்பட்டது.

ஆனால் எல்லா வங்கிக்கும் இந்தக் கதி இல்லை. சேமிப்புக் கணக்குக்குச் சொற்ப வட்டி கொடுக்கும் பெரிய வங்கிகளுக்கு இடைவெளி அவ்வளவாகச் சுருங்குவதில்லை. தலைகீழ் வட்டி மந்தத்தை உண்டாக்குகிறதா, முன்கூட்டிக் காட்டுகிறதா என்பதில் பொருளியலாளர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. இரண்டும் கொஞ்சம் உண்டு என்பது என் கருத்து.

சேலம், மென்பொருள் பொறியாளர்: 2022 கடைசியிலிருந்து 2024 டிசம்பர் வரை தலைகீழாகவே இருந்தது. மந்தம் வரவில்லையே. இனியும் இதை நம்புவதா?

நியாயமான கேள்வி. 1966இலும் இதே போலத் தலைகீழாகி, மந்தநிலை வரவில்லை. இந்த முறை எனக்குத் தெரியும் பெரிய காரணம் பழைய கடன். 2020, 2021இல் ஏராளமான அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கடனை 3% அளவில் முப்பது வருடத்துக்கு மாறாத வட்டியில் வாங்கிவிட்டன. ஃபெடரல் ரிசர்வ் 5.25–5.50% வரை ஏற்றியபோதும் அவர்களின் மாதத் தவணை அசையவில்லை. மத்திய வங்கி பல வருடம் பத்திரங்களை வாங்கிக் குவித்ததில் நீண்டகால வட்டி செயற்கையாக அமுங்கியிருந்தது என்ற வாதமும் உண்டு. அது உண்மையானால் லேசான பயத்திலேயே கோடு கவிழ்ந்துவிடும்.

நீங்களே பார்க்க வேண்டுமானால் fred.stlouisfed.org தளத்தில் T10Y3M என்று தேடுங்கள். பத்தாண்டு வட்டியிலிருந்து மூன்று மாத வட்டியைக் கழித்த கோடு அது. சாம்பல் பட்டைகள் மந்தநிலைக் காலங்கள். ஒரு நாள் பூஜ்யத்துக்குக் கீழே போனதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இந்த உறவை 1986இல் தன் ஆய்வேட்டில் எழுதிய பொருளியலாளர் கேம்பெல் ஹார்வியே ஒரு முழுக் காலாண்டு நீடிக்கிறதா என்றுதான் பார்க்கச் சொல்கிறார். கூடவே புதிதாக வேலையின்மை உதவி கேட்போர் எண்ணிக்கையையும் வாராவாரம் பாருங்கள். அது சில வாரம் தொடர்ந்து ஏறாதவரை நான் அவசரப்பட மாட்டேன்.