ஐம்பது வார்த்தைக்குள் ஒரு நோட்டீஸ்: சேலம் ஆங்கில டீச்சரின் பதில்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா: டீச்சர், பொண்ணு சிபிஎஸ்இ பிளஸ் டூ. நோட்டீஸ் எழுதினா எப்பவும் எழுபது வார்த்தை தாண்டிடுது. எதை வெட்டுறதுன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

நீங்கள் அனுப்பிய விடைத்தாளையே எடுத்துக்கொள்கிறேன். ஏற்காடு தாவரவியல் பூங்காவுக்கு நேச்சர் கிளப் போகிறது, அதற்கு நோட்டீஸ். பாடியை விரல் வைத்து எண்ணினேன், 71 வந்தது. முதல் வரி ‘திஸ் இஸ் டு இன்ஃபார்ம் ஆல் த ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் அவர் ஸ்கூல் தட்’ என்று போகிறது. அதிலேயே 11 வார்த்தை. அடுத்த வரியில் எந்த வகுப்புக்கு என்று எழுதிவிட்டதால் இது முழுக்கப் போகலாம். கடைசி வரி ‘கம் அண்ட் என்ஜாய் த பியூட்டி ஆஃப் நேச்சர் வித் யுவர் ஃப்ரெண்ட்ஸ்’. அழகான வரிதான், ஆனால் 10 வார்த்தைக்கும் மார்க் இல்லை. இரண்டையும் எடுத்தால் சரியாக 50.

இத்தோடு விட்டால் தப்பு. பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் 18 என்று கேள்வியில் இருக்கிறது, விடையில் அது இல்லவே இல்லை. ‘பை 18 ஆகஸ்ட்’ சேர்க்க மூன்று வார்த்தை வேண்டும். ‘ஃபார் ஃபர்தர் டீடெயில்ஸ்’ என்பதை எடுத்துவிட்டு ‘கான்டாக்ட்’ என்றே தொடங்கச் சொல்லுங்கள். மறுபடியும் 50.

நான் எண்ணுவது பாடியை மட்டும்தான். தலைப்பு, தேதி, பெயர், பதவி சேராது. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுகிறவர்களும் உண்டு. அதனால் 45க்குப் பக்கத்தில் நிறுத்தப் பழகிக்கொண்டால் நிம்மதி.

டியூஷன் எடுக்கும் ஒரு அண்ணன், அம்மாபேட்டை: பாக்ஸ் போடலைன்னா ஃபார்மேட் மார்க் அப்படியே போயிடும். அதனால நான் பாக்ஸை மட்டும்தான் முதல்ல பாப்பேன். சரிதானே?

பாதி சரி தம்பி. நோட்டீஸுக்கு 4 மார்க். அதில் ஃபார்மேட்டுக்கு 1, கன்டென்ட்டுக்கு 2, மொழிப் பிழை இல்லாமல் எழுதுவதற்கு 1. பாக்ஸோடு பள்ளியின் பெயர், நோட்டீஸ் என்ற சொல், தேதி, தலைப்பு, கீழே பெயரும் பதவியும், இவ்வளவும் சேர்ந்துதான் அந்த ஒரு மார்க். பாக்ஸ் மட்டும் விட்டுப்போனால் நான் அரை மார்க் குறைப்பேன். முழுசாக எடுக்கிறவரோடு இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். மேலே சொன்ன விடையில் பாக்ஸ் ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தது. நோட்டீஸ் தேதி மட்டும் ஆகஸ்ட் 20! பதினெட்டாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டிய பிள்ளைகள் இருபதாம் தேதி நோட்டீஸைப் படித்து என்ன செய்வார்கள்? பயண நாளுக்கு ஆகஸ்ட் 23, ஞாயிறு என்றும் எழுதியிருந்தாள். கேள்வியில் இருப்பது 2025 ஆகஸ்ட் 23, சனி. இந்த மாதிரிப் பிழை ஓடிப் படித்தால் கண்ணில் படாது. கேள்வித்தாளை இடது பக்கம் வைத்து, அதில் உள்ள ஒவ்வொரு தகவலையும் விடையில் கண்டதும் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். டிக் விழாமல் நிற்பதுதான் விட்டுப்போனது.

ஒரு அப்பா, பிளான்ட்டில் வேலை: எங்க ஷிஃப்ட் நோட்டீஸ்ல யார் பேரும் இருக்காதுங்க, சீல் மட்டும்தான். பையன் தன் பேரைப் போட்டதுக்கு மார்க் குறைச்சுட்டாங்க. எதுக்குங்க பேரு?

உங்கள் இடத்தில் சீல் போதும்ங்க, யார் ஒட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். பரீட்சையில் கேள்வியே ஒரு பெயரையும் ‘செக்ரட்டரி’ போல ஒரு பதவியையும் கொடுத்துவிடுகிறது. பையன் அந்த ஆளாக நின்று எழுத வேண்டும். பெயர் போட்டது தப்பில்லை, சொந்தப் பெயரைப் போட்டதுதான் தப்பு.

ஏற்காட்டிலிருந்து ஒரு மாணவர்: மிஸ், அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சி பத்தி ஸ்கூல் மேகஸினுக்கு ரிப்போர்ட். கேள்வியில இல்லாததை நானா சேர்க்கலாமா? 90 வார்த்தைதான் வந்துச்சு, அதனால மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு இருக்குன்னு எழுதினேன்.

சேர்க்கலாம் கண்ணா. ரிப்போர்ட்டுக்கு 120 முதல் 150 வார்த்தை, கேள்வியில் இருக்கும் குறிப்பு மட்டும் பத்தாது. வளைவு இருபது என்பதும் உண்மைதான், ஆனால் அது நிகழ்ச்சியில் நடந்தது இல்லை. அதற்குப் பதிலாக யார் திறந்துவைத்தார், எந்தப் பூ அலங்காரத்தின் முன்னால் கூட்டம் நின்றது, எப்படி முடிந்தது என்று எழுது. கேள்வி சொன்னதோடு முட்டாமல் இருந்தால் போதும். அங்கே மூன்று நாள் என்றிருந்தால் நீ ஐந்து நாள் ஆக்கக் கூடாது.

நீ எழுதியதை இன்னொரு முறை படி. இரண்டாவது பத்தியில் ‘வாஸ் இனாகுரேட்டட்’ என்று சரியாகத் தொடங்கி, நாலாவது வரியில் ‘ஐ என்ஜாய்’ என்று வந்துவிட்டாய். அங்கேயே ரிப்போர்ட் டைரியாகிவிட்டது. ‘ஐ’ வருகிற இடத்தை எல்லாம் வட்டம் போட்டு ‘விசிட்டர்ஸ்’ என்று மாற்று, வினைச்சொல்லையும் இறந்த காலமாக்கு. தலைப்புக்குக் கீழே கேள்வியில் கொடுத்த பெயர் வர வேண்டும். மேகஸினுக்கு என்பதால் ஊரும் தேதியும் தனி வரியாக வேண்டாம். செய்தித்தாளுக்கு என்று கேட்டால் பாடியின் தொடக்கத்தில் போடு. திருத்தியதும் மறுபடி அனுப்பு, எண்ணிப் பார்க்கிறேன்.